மத்தியான நேரத்துச் சாட்சி

எனக்கு ஒரு கோபம் உண்டு. "நீங்க வந்து தொட்டுட்டுப் போனதிலிருந்துதான் இது வேலை செய்யல" என்று யாராவது சொன்னால் தலைக்கு ஏறிவிடும். எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்தைக் கேட்காத மாதமே கிடையாது. ஒரு அலுவலகத்தில் நெட்வொர்க் கம்பிகள் வந்து சேரும் ஒரு பெட்டியை நான் மாற்றிவிட்டு வருவேன். மறுநாள் அந்த அலுவலகத்தில் மின்விசிறி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு முறை வண்டிப்பெரியாரில் ஒரு எஸ்டேட் அலுவலகத்திலிருந்து, தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, நீங்கள் நேற்று வந்தீர்களே என்று கேட்டார்கள். மோட்டாருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தியே விட்டேன்.

இந்தக் கோபத்திலிருந்து பிறந்ததுதான் என் பழக்கம். எந்த மாற்றம் செய்யப் போனாலும், கை வைப்பதற்கு முன் ஷோ கட்டளைகளை வரிசையாக ஓடவிட்டு, வருவதையெல்லாம் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்வேன். ஷோ கட்டளை எதையும் மாற்றாது, உள்ளே இப்போது என்ன நிலைமை என்று காட்ட மட்டும் செய்யும். கம்பி செருகும் துளைகளான போர்ட்டுகளில் எதில் இணைப்பு இருக்கிறது, எதில் இல்லை, பக்கத்தில் எந்தச் சாதனம் தெரிகிறது, பாதைகள் எவை, பிழைகள் எத்தனை, என்னென்ன நடந்தது என்று பெட்டி தானே எழுதி வைத்திருக்கும் பதிவு என்ன, எல்லாம் வரும். வேலை முடிந்ததும் அதே கட்டளைகளை மறுபடி ஓட்டி இன்னொரு கோப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், மாறியது மட்டும் வண்ணத்தில் தெரியும். நான் மாற்ற நினைத்தது மட்டும் மாறியிருந்தால் வேலை சுத்தம். அதை அனுப்பிவிட்டால் பிறகு எவனும் வாய் திறக்க முடியாது.

வாய் திறக்க முடியாது என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

சித்தூர் தாலூக்காவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வேலை கோயம்புத்தூரில், ஒரு சிறிய நெட்வொர்க் நிறுவனத்தில். எங்கள் ஊருக்கு வெளியே ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் காலையிலும் சாயங்காலமும் அங்கேதான் பால் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாடு. அம்மாவும் பால் போசியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார். அந்த நிலையத்தின் நெட்வொர்க் வேலை எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்தபோது, உள்ளூர்க்காரன் என்று என்னையே அனுப்பினார்கள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வரிசையில் நிற்கும் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார்.

பால் வாங்கும் கூடத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். எனக்கு உறவு இல்லை. ஊரில் எல்லாருக்கும் அக்கா. ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனை இயந்திரத்தில் வைப்பார். கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்லும், அதை வைத்துத்தான் விலை. தராசு எடையைச் சொல்லும். இரண்டும் பக்கத்திலிருக்கும் கணினிக்கு வந்து, அங்கிருந்து கம்பி வழியாக அலுவலக அறையின் சர்வருக்குப் போய்ப் பதிவான பிறகு ஒரு சீட்டு அச்சாகி வரும். அந்தச் சீட்டை அக்கா கையில் கொடுத்தால்தான் பால் ஊற்றியவர் நகர்வார். பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே அவருக்கு என்னைத் தெரியும். எப்போது பார்த்தாலும், "ஏங்கண்ணு, எப்ப வந்தே? எளச்சுப் போயிட்டயே" என்பார். நான் இளைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் சொல்வார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ஸ்விட்ச் என்கிற அந்தப் பெட்டியில் உபயோகத்தில் இல்லாத போர்ட்டுகளையெல்லாம் மூடிவிட வேண்டும். திறந்து கிடந்தால் யாராவது எதையாவது கொண்டுவந்து செருகிவிடுவார்கள், பாதுகாப்பு இல்லை என்று தணிக்கையில் எழுதியிருந்தார்கள். நியாயமான உத்தரவுதான். வேலையும் சின்னது. வண்டிப்பெரியாரிலும் ஆனைக்கரையில் ஒரு ஏலக்காய்க் கிடங்கிலும் இதையே செய்திருந்தேன். ஒரு புகாரும் வரவில்லை.

நிலையத்தின் மேனேஜர் பாலக்காட்டுக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "பால் வாங்குற நேரத்துல தொடாதே கேட்டோ. காலைப் பால் கழிஞ்சு உச்சைக்கு வந்து பண்ணிக்கோ" என்றார். நானும் அந்த மத்தியான நேரத்தைத்தான் கேட்கவிருந்தேன். யாருக்கும் தொந்தரவு இல்லாத நேரத்தில் மாற்றம் செய்வது எங்கள் தொழிலில் முதல் பாடம்.

காலைப் பால் முடிந்த பிறகு போனேன். அலுவலக அறையின் மூலையில் ஸ்விட்ச். மடிக்கணினியை இணைத்து, முதலில் 'முன்' கோப்பை எடுத்தேன். இருபத்துநான்கு போர்ட்டில் பதினைந்து 'கனெக்டட்'. ஒன்பது 'நாட்கனெக்ட்', அதாவது இணைப்பு இல்லை. அந்த ஒன்பதில் சிலவற்றில் கம்பி செருகித்தான் இருந்தது. அது எனக்கு ஆச்சரியமில்லை. எந்த அலுவலகத்திலும் மறுமுனை செத்துப்போன கம்பிகள் நாலைந்து தொங்கிக்கொண்டுதான் இருக்கும். பிடுங்க யாருக்கும் மனம் வராது. பெட்டியில் எந்தப் போர்ட்டுக்கும் பெயர் எழுதவில்லை. முன்னால் வேலை பார்த்தவர்களை மனதுக்குள் திட்டினேன். திட்டிவிட்டு, ஒன்பதையும் மூடும் கட்டளையைக் கொடுத்தேன்.

பக்கத்துக் கூடத்தில் தரை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சத்தம், துடைப்பம் தேய்க்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஈரம் வாசல் வரை வந்தது. நான் கால்களை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

'பின்' கோப்பு எடுத்தேன். ஒப்பிட்டேன். பதினைந்து அப்படியே பதினைந்து. ஒன்பதும் 'டிஸேபிள்டு'. சர்வர், அலுவலகக் கணினிகள், கேமராக்கள், குளிர்த் தொட்டியின் வெப்பநிலை காட்டும் கருவி, தலைமை அலுவலகத்துக்குப் போகும் பாதை, எல்லாம் முன்பு போலவே பதில் சொல்லின. மாற வேண்டியது மட்டும் மாறியிருந்தது. இரண்டு கோப்பையும் ஒப்பீட்டையும் மேனேஜருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினேன். 'மாற்றத்துக்கு முன் இயங்கிய அனைத்தும் மாற்றத்துக்குப் பின்னும் இயங்குகின்றன' என்று ஒரு வரியும் எழுதினேன். அந்த வரி அட்சரம் பிசகாமல் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் கோவைக்குப் போனால் போதும் என்று கயிற்றுக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து தூங்கினேன்.

சாயங்காலம் அம்மா போசியோடு கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரத்தில் மேனேஜரின் போன்.

"தம்பி, கூடத்துல கம்ப்யூட்டர் சர்வரைப் பிடிக்க மாட்டேங்குது. ஆள்க்காரு வரிசையா நிக்கிறாங்க. நீ உச்சைக்கு செஞ்ச பணியினாலயோ?"

எனக்கு அந்தக் கோபம் வந்துவிட்டது. வழக்கமான வாக்கியம், ஆள்தான் வேறு. வண்டியெடுத்தால் சில நிமிஷத்தில் போயிருக்கலாம். போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசினேன்.

"இல்லீங் சார். உங்களுக்கு முன்னாடி எடுத்தது, பின்னாடி எடுத்தது ரெண்டுமே அனுப்பியிருக்கேன், பாருங்க. ஓடிட்டிருந்த எதுவுமே நிக்கல. சர்வர் ஓடுதுங்களா? கேமரா தெரியுதுங்களா?"

"அதெல்லாம் உண்டு."

"அப்ப நெட்வொர்க்குல ஒண்ணுமில்லீங். கூடத்துலதான் ஏதோ ஆயிருக்குது."

"பின்னே என்ன ஆயிருக்கும்?"

இந்தக் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வந்து பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "மத்தியானம் தண்ணி அடிச்சுக் கழுவுனாங்களே சார், கம்ப்யூட்டர்ல தண்ணி கிண்ணி பட்டிருக்கும். பாருங்க."

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று ஒரு பேச்சு. எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. ஈரம் வாசல் வரை வந்ததை மட்டும் பார்த்திருந்தேன். ஆனால் அதே மூச்சில்தான் கோப்பையும் ஒப்பீட்டையும் பற்றிப் பேசியிருந்தேன். அதனால் தண்ணீரும் கோப்பில் இருந்து வந்தது போலவே அவர் காதில் விழுந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததை அம்மா வந்துதான் சொன்னார். மேனேஜர் கூடத்துக்கு வந்து, கூடத்தைக் கழுவுவதும் அக்காதான் என்பதால், எல்லார் முன்னிலையிலும் அவரைப் பிடித்துக் கத்தியிருக்கிறார். இயந்திரம் என்ன விலை தெரியுமா, தண்ணீர் அடிக்கும்போது கண் எங்கே போனது என்று. அக்கா, "நா பிளக்கெல்லாம் புடுங்கி, மூடிப்போட்டுத்தானுங்க கழுவுனேன். எப்பவும் அப்படித்தானுங்க பண்றது" என்று சொல்லியிருக்கிறார். யார் கேட்பது? எஞ்சினியர் ரிப்போர்ட் இருக்கிறது என்று மேனேஜர் சொன்னாராம். அன்று சாயங்காலப் பாலுக்குக் கொழுப்புப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி விலை போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். கெட்டிப் பால் கொண்டுவந்தவர்கள் அக்காவைப் பார்த்து முனகிக்கொண்டே போனார்கள். கடைசியில் மேனேஜர், "நாளைக்குக் காலையில நீங்க வரவேண்டா. மெஷின்காரன் வந்து பார்க்கட்டும், பிறகு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் இருந்தது வருத்தம் மட்டுமல்ல.

"எல்லாரும் உன்னையத்தான் சொல்லுவாங்களோன்னு எனக்கு ஒரே படபடப்பு, கண்ணு. நானே சொல்லிப்போட்டேன். எம்பட பையன் எதையும் எழுதி வெக்காம தொடமாட்டான், முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு எடுத்து வெச்சிருக்கறான், அவன் பண்ணுனது தப்பாவாதுன்னு. அந்தப் புள்ள மொகத்தப் பாக்கத்தான் பாவமா இருந்துச்சு. ஆனா தண்ணிய அப்படி அடிச்சா ஆகுமா, சொல்லு?"

நான் தலையை ஆட்டினேன். எனக்குள் எங்கேயோ ஒரு சின்ன இடத்தில் திருப்திதான் இருந்தது.

காலையில் கோவைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மறுபடி மேனேஜர் கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. இயந்திரக் கம்பெனி ஆள் விடியற்காலையிலேயே வந்துவிட்டாராம். இயந்திரம், கணினி எல்லாம் சொட்டு ஈரமில்லாமல் நன்றாக இருக்கிறது, தன் மடிக்கணினியை அந்தக் கம்பியில் செருகிப் பார்த்தபோது அதிலும் விளக்கு எரியவில்லை என்கிறாராம். "ஒண்ணு வந்துட்டுப் போ தம்பி" என்றார்.

வண்டியில் போகும்போதே தெரிந்துவிட்டது. கூடத்தைத் தாண்டும் திருப்பத்தில் நினைவு வந்தது. தண்ணீர்ச் சத்தம், ஒன்பது போர்ட், மத்தியானம். கழுவுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கிய கணினி, பெட்டிக்கு இணைப்பே இல்லாத போர்ட்டாகத்தான் தெரிந்திருக்கும். அப்படியே வண்டியைத் திருப்பிக் கோவைக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கக்கேடுதான், தோன்றியது.

காலைப் பால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அம்மாவும் நின்றிருந்தார். அக்காவின் நாற்காலி காலி. அலுவலகப் பையன் ஒருவன் நோட்டில் எழுதிக்கொண்டு திணறிக்கொண்டிருந்தான். நான் ஸ்விட்ச் முன்னால் உட்கார்ந்தேன். கூடத்துச் சுவரைத் துளைத்து வந்த கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். அது போய்ச் செருகியிருந்த போர்ட், நான் மூடிய ஒன்பதில் ஒன்று. திரையில் 'டிஸேபிள்டு' என்று என் கையெழுத்துப் போட்டது போல நின்றது.

திறக்கும் கட்டளையைக் கொடுத்தேன். போர்ட்டின் விளக்கு முதலில் ஆரஞ்சாக வந்தது. அது பச்சையாக மாற அரை நிமிஷம் எடுக்கும். பெட்டி அந்தப் பக்கம் வேறு சுற்றுப்பாதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வழிவிடும். எத்தனையோ முறை பார்த்த அரை நிமிஷம்தான். அன்று மேனேஜர், இயந்திர ஆள், வாசலில் எட்டிப் பார்த்த நாலைந்து பேர், எல்லாரும் என் தோளுக்கு மேலே குனிந்து அந்த ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சை வந்தது. கூடத்தில் சீட்டு அச்சாகும் சத்தம் கேட்டது. யாரோ "வந்துருச்சு" என்று கத்தினார்கள்.

"என்ன ஆயிருந்துச்சுங்க?" என்று இயந்திர ஆள் கேட்டார்.

"போர்ட் ஆஃப் ஆயிருந்துச்சுங்க" என்றேன். நான்தான் மூடினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. தொழில்காரர் அல்லவா. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் பையைக் கட்டினார். அவர் கேட்காதது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

எல்லாரும் நகர்ந்த பிறகு முந்தின நாளின் 'முன்' கோப்பைத் திறந்தேன். ஒப்பிடத்தான் திறந்திருந்தேனே தவிர, அதை நான் படித்ததே இல்லை. ஒப்பிடும்போது மாறாத வரிகளைக் கண் தாண்டிப் போய்விடும். அந்தப் போர்ட்டின் கணக்கில் உள்ளே வந்த தகவல் பொட்டலங்கள் லட்சக்கணக்கில் இருந்தன. உபயோகம் இல்லாத போர்ட் என்றால் பூஜ்யம் இருக்க வேண்டும். பெட்டி தானே எழுதிய பதிவிலும் இருந்தது. கோப்பு எடுத்ததற்கு முதல் நாள், அந்தப் போர்ட்டில் விடியற்காலையில் இணைப்பு வந்தது, காலைப் பால் முடிந்ததும் போனது, சாயங்காலம் மூன்று மணிக்கு மறுபடி வந்தது, இருட்டும் நேரத்தில் போனது. அதற்கு முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். அக்கா பிளக்கைச் செருகுவதும் பிடுங்குவதும் ஒரு நாள் தவறாமல் அங்கே பதிவாகியிருந்தது. நான் எடுத்த கோப்பில், நான் அனுப்பிய கோப்பில், அவர் தண்ணீர் அடிக்கும் முன் மின்சாரத்தைப் பிடுங்கினார் என்பதற்குச் சாட்சி இருந்தது. அதை வைத்துத்தான் நான் அவரைக் குற்றவாளி ஆக்கியிருந்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. "சார், மூடுனது நானுங். அந்தக்கா பேர்ல தப்பே இல்லீங். தண்ணின்னு நாஞ் சொன்னதும் சும்மா வாய்க்கு வந்ததுங்."

அவர் சிரித்தார். என் முதுகில் தட்டினார். "ஓ, சாரமில்ல தம்பி, பரவாயில்ல. மிஷின் கேடாகலையே, அது போதும். எஞ்சினியர்மாருக்கு இதெல்லாம் வரும்." பிறகு போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டு, "எல்லாம் சரியாயி. சாயங்காலம் வந்துரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மன்னிப்பு என்கிற பேச்சே இல்லை. முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் கத்தியவர், இதை ஒரு வரியில் முடித்துக்கொண்டார். எனக்கோ ஒரு தட்டு, ஒரு சிரிப்பு. தப்பு செய்த எனக்குக் கிடைத்ததில் பாதி கூடத் தப்பு செய்யாதவருக்குக் கிடைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். என் மேல் கோபப்படாமல் விட்டாரே என்கிற நிம்மதி என் வாயைக் கட்டிவிட்டது.

கோவை அலுவலகத்தில் எங்கள் மூத்த அதிகாரி அதற்கும் மேல். அன்று கோவைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே நடந்ததை நடந்தபடி எழுதி, 'என் கவனக்குறைவு' என்று ஒரு வரி போட்டு அனுப்பினேன். அவர் அந்த வரியை எடுத்துவிட்டு, 'போர்ட் விவரங்கள் முன்பே பராமரிக்கப்படாததால்' என்று எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். "ஏன்ப்பா, நீயே போய்க் கழுத்தை நீட்டுவியா?" என்றார் போனில். அக்கா கழுத்தை நீட்டாமலே வெட்டுப்பட்டதை அவருக்கு விளக்கப் பார்த்தேன். அவருக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது.

அன்று காலையில் அம்மா பால் ஊற்றிவிட்டு வந்து போசியைக் கழுவி வைத்தார். வரிசையில் நின்றே எல்லாம் தெரிந்துகொண்டிருப்பார். பிறகு, "நா எல்லார்த்து முன்னாடியும் சொன்னனே, கண்ணு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அம்மாதான் தினமும் இரண்டு வேளை அந்த நாற்காலிக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், நான் இல்லை.

சாயங்காலம் நானும் அம்மாவோடு போனேன். அக்கா வந்திருந்தார். எப்போதும் போலச் சீட்டுகளைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசை தீரும்வரை சுவரோரம் நின்றேன். எல்லாரும் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். முந்தின நாள் அவமானம் எல்லார் முன்னாலும்தானே நடந்தது. அந்தத் தைரியம் வரவில்லை. கடைசி ஆளும் போன பிறகு பக்கத்தில் போனேன்.

"அக்கா, தப்பு எம்மேலதாங். நா பாக்காம உங்களச் சொல்லிப்போட்டேன்."

அவர் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் வுடுங்க தம்பி. நீங்க என்ன வேணும்னேவா பண்ணுனீங்க" என்றார். "உக்காருங்க, நின்னுட்டே இருக்கறீங்களே."

வுடுங்க, உக்காருங்க, இருக்கறீங்களே. அத்தனை வருஷமும் ஏங்கண்ணு என்று கூப்பிட்டவர். நான் இளைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கோபத்தில் மரியாதை கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபமே இல்லை. ஆபீசர் ஒருவரிடம் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். பிறகு பிளக்கைப் பிடுங்கினார், துணியைப் போட்டு மூடினார், குழாயை எடுத்தார். நான் நகர்ந்து வழிவிட்டேன். தண்ணீர் அடித்தார். ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போதும் நான் 'முன்', 'பின்' எடுக்கிறேன். எடுக்காமல் இந்தத் தொழில் நடக்காது. ஆனால் ஒரு இடத்தின் எல்லா வேலை நேரத்திலும் எடுக்கிறேன். மத்தியானம் இணைப்பு இல்லை என்றால் விடியற்காலையில் வந்து மறுபடி பார்க்கிறேன். எந்தப் போர்ட்டையும் மூடுவதற்கு முன் அதன் எண்ணிக்கைகளைப் படிக்கிறேன், கம்பியின் மறுமுனைக்கு நடந்து போகிறேன். போர்ட்டுகளுக்குப் பெயர் எழுதுகிறேன். அந்த நிலையத்தில் அந்தப் போர்ட்டுக்குப் 'பால் கூடம்' என்று பெயர். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்கள் என்னைக் கண்டால் சலித்துக்கொள்கிறார்கள், ரொம்பப் படுத்துகிறாராம். படட்டும்.

இதெல்லாம் செய்த பிறகு மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். ஆறியிருக்கும், அடுத்து நடந்தது நடக்காமல் இருந்திருந்தால்.

ஒரு மத்தியானம், வேறு எங்கோ வேலையில் இருந்தபோது, வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்தன. எண் தெரியவில்லை. முகப்புப் படத்தைப் பார்த்துத்தான் அக்கா என்று புரிந்தது. எண்ணை அம்மாவிடம் வாங்கியிருக்கிறார். முதல் படத்தில், பிளக் பிடுங்கிய இயந்திரமும் கணினியும் துணி போட்டு மூடியிருந்தன, தரை காய்ந்திருந்தது. இரண்டாவது படத்தில் தரை ஈரம், துணி அப்படியே காய்ந்திருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. தவறி வந்துவிட்டது போல என்று விட்டுவிட்டேன். இருட்டிய பிறகு இன்னும் இரண்டு. மறுநாளும். அதற்கு அடுத்த நாளும். மேனேஜருக்கும் இதே போல அனுப்புகிறாராம். மேனேஜரிடமே கேட்டேன், நீங்கள் சொல்லித்தான் அனுப்புகிறாரா என்று. "ஏய், நான் சொல்லலப்பா. அவங்களா அனுப்புறது. நான் திறந்துகூடப் பார்க்குறதில்ல" என்றார்.

நான் எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறேன். கழுவும் முன் ஒன்று, கழுவிய பின் ஒன்று.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன். தாங்கவில்லை. ஒரு நாள் கூப்பிட்டு, "அக்கா, போட்டோவெல்லாம் எதுக்குங்க? உங்கள யாரும் இனி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வேண்டாங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க தம்பி. எனக்கென்ன, ரெண்டு வாட்டி அமுக்கறதுதானுங்களே" என்றார். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குறையாகச் சொல்லாமல், சாதாரணமாகவே சொன்னார்.

"அன்னிக்கு எங்கிட்டக் காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சுங்களே."